மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரே தாள்ல விடுகதைப் புக்கு: எழுதுறதுல இருந்து மடிக்கிற வரைக்கும்

பருவம் முடியுற கடைசி நாள்ல பரீட்சையும் முடிஞ்சிருக்கும், பாடமும் நடத்த முடியாது, பிள்ளைங்க பாதி மனசு வீட்டுக்குப் போயிருக்கும். அன்னிக்குக் கையில குடுத்து அனுப்ப ஒரு குட்டிப் புக்கு எப்படி செய்யறதுன்னு முழுசா எழுதுறேன். நான் தருமபுரி மாவட்டத்துல பென்னாகரம் பக்கம் மூணாங்கிளாஸ் எடுக்கிற டீச்சர், அதனால உதாரணம் எல்லாம் இந்தப் பக்கத்து சாமானாத்தான் இருக்கும், நீங்க உங்க ஊருக்குத் தக்க மாத்திக்கோங்க.

முதல்ல ஒண்ணு முடிவு பண்ணிக்கணும், இந்தப் புக்கு பிள்ளை உக்காந்து படிக்கிறதுக்கா, இல்ல மத்தவங்ககிட்ட கேக்குறதுக்கா? நான் கேக்குறதுக்குன்னுதான் செய்யறேன். எட்டு வயசுப் பிள்ளைகிட்ட நாள் பூரா எல்லாரும் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதுக்குத் தெரிஞ்ச விடை பாட்டிக்குத் தெரியாதுங்கிற நிலைமை அதுக்கு கிடைக்கிறதே இல்ல. விடுகதை ஒண்ணுதான் அதைக் குடுக்கும். இப்படி முடிவு பண்ணிட்டா மத்தது எல்லாம் தானா அமையும்: விடை பிள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், ஆனா எதிர்ல இருக்கிறவங்க கண்ணுக்குப் படக்கூடாது, வரி வாயில நிக்கணும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் ரெண்டு தடவை கேட்டா மனப்பாடம் ஆயிடணும்.

விடுகதை எழுதுறது

விடையில இருந்து ஆரம்பிங்க. பிள்ளை கையால தொட்ட, மூக்கால மோந்த பொருளா இருக்கணும். ஏப்ரல்ல குடுக்கிற புக்குன்னா நான் புளிய எடுப்பேன், ஏன்னா அந்த மாசத்துல நம்ம பக்கம் பல வீட்டுத் திண்ணையிலயும் புளி தட்டிக்கிட்டு இருப்பாங்க, பிள்ளைங்களும் கூட உக்காந்து கொட்டை எடுத்திருக்கும். செப்டம்பர்ல முடியுற பருவத்துக்குன்னா காட்டுல நிக்கிற ராகி, அவரை, மழைக்கு வர்ற தட்டான், இப்படி எடுக்கலாம்.

புளிய வச்சே ஒரு விடுகதை எப்படி உருவாகுதுன்னு சொல்றேன். சட்டுனு வர்ற முதல் வரி இப்படி இருக்கும்: "பழுப்பு நிறமா இருக்கும், புளிப்பா இருக்கும், மரத்துல தொங்கும், நான் யார்?" இதுல விடுகதையே இல்ல, "புளிப்பு"ன்னு சொன்ன உடனே விடை வெளிய வந்துடுச்சு, மிச்சம் எல்லாம் பாடப் புத்தக வரி மாதிரி இருக்கு. நிறம், ருசி, இடம்னு அடுக்கினா எப்பவும் இப்படித்தான் ஆகும். விடுகதைல பொருளை வேற ஏதோ ஒண்ணா காட்டணும், வீடுன்னோ கூடுன்னோ ஆளுன்னோ. சரின்னு ரெண்டாவதா எழுதினா, "ஓட்டு வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் கொட்டை". கேக்க நல்லா இருக்கு, ஆனா இதை நம்ம பிள்ளைங்ககிட்ட கேட்டா பாதிப் பேரு நெலக்கடலைன்னு சொல்லும், அதுவும் சரியாத்தான் இருக்கு. அப்போ நெலக்கடலைக்குப் பொருந்தாத ஒண்ணை உள்ள கொண்டு வரணும். புளியில இருக்கு, கடலையில இல்ல, அது என்ன? நாரு. அப்புறம் கொட்டைய வச்சுப் பல்லாங்குழி ஆடுறது, கரைச்சு ரசத்துல ஊத்துறது. இதை எல்லாம் சேர்த்தா இப்படி வருது:

தட்டினா உடையும் ஓட்டு வீடு,
கட்டி வச்ச நாருக் கூடு,
கொட்டை எடுத்து குழியில ஆடு,
சட்டியில கரைச்சு ரசத்துல போடு!

தட்டி, கட்டி, கொட்டை, சட்டின்னு நாலு வரியிலயும் ரெண்டாவது எழுத்து ஒண்ணா வருது, அதான் எதுகை. வீடு, கூடு, ஆடு, போடுன்னு கடைசியும் ஒண்ணா முடியுது, அது இயைபு. ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே போதும், ஆனா தமிழ் வாய்க்கு எதுகைதான் கெட்டியா பிடிக்கும், அடுத்த வரிக்கு முதல் சொல்லு தானா எடுத்துக் குடுக்கும், மறந்து நிக்கிற பிள்ளைக்கு "கட்..."னு சொன்னாலே வரி பூரா வந்துடும். கடைசி எழுத்து மட்டும் ஒத்துப்போற பாட்டுல பிள்ளை வரி ஆரம்பத்துலயே தடுமாறி நிக்கும்.

எழுதினதும் கைதட்டிப் பாருங்க. மேல இருக்கிற நாலு வரியிலயும் ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு, வரிக்கு நாலு தட்டு. ஒரு வரியில அஞ்சு தட்டு வந்தா பிள்ளைங்க அந்த இடத்துல ஒரு சொல்லைத் தானாவே முழுங்கிடும், அது விடைக்குத் தேவையான சொல்லா இருந்தா விடுகதையே கெட்டுப்போயிடும். அதனால நீட்டமான வரிய முதல்லயே வெட்டிடுங்க.

பேச்சு வழக்குல எழுதலாமாங்கிறது எல்லா டீச்சருக்கும் வர்ற சந்தேகம். பிள்ளை பாடப் புத்தகத்துல பாக்கிறது எழுத்து வழக்கு, "உக்காரும்"னு அச்சுல பாத்தா சிலது தயங்கும். என் அபிப்பிராயம், பொருளோட பேரு எல்லாம் பாடத்துல இருக்கிற மாதிரியே சரியான எழுத்துல வரட்டும், கடைசில வர்ற வினையும் "-ல"ங்கிற முடிவும் மட்டும் பேச்சா இருக்கட்டும். விடுகதை வாயால கேக்குற சமாச்சாரம், "ரசத்தில் இடு"ன்னு பாட்டிகிட்ட எந்தப் பிள்ளையும் கேக்காது.

ரெண்டாவது விடை வருதான்னு பாக்கிறது

இதைக் கட்டாயம் செய்யணும். விடை தெரியாத ஒருத்தர்கிட்ட, அதுவும் முடிஞ்சா நாலாங்கிளாஸ் பிள்ளைகிட்ட, புக்கு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க. பெரியவங்க நாம என்ன நெனைச்சோமோ அதைத்தான் நெனைப்பாங்க, பிள்ளைங்க வேற வழியில போகும். உதாரணத்துக்கு மாங்காய்க்கு ஒண்ணு எழுதினேன்னு வச்சுக்கோங்க, "பச்சையில உப்பும் மிளகாய்த்தூளும் கேக்கும், பழுத்தா ஈயைக் கூப்பிடும்". உடனே கொய்யான்னு வரும். தப்புன்னு சொல்ல முடியுமா? முடியாது. ஒரே கொட்டைங்கிறதை உள்ள சேர்த்தா கொய்யா வெளிய போயிடும், அப்படித்தான் அடைக்கணும்.

ஆனா எல்லா ரெண்டாவது விடையையும் அடைக்க வேண்டியது இல்ல. பழைய விடுகதை ஒண்ணு எல்லாருக்கும் தெரியும்:

அடி காட்டுல,
நடு மாட்டுல,
நுனி வீட்டுல.

நெல்லுதான் விடைன்னு சொல்லுவாங்க. அடித்தாள் வயல்லயே நின்னுடும், வைக்கோல் மாட்டுக்கு, கதிரு வீட்டுக்கு. நம்ம பக்கம் இதைக் கேட்டா ராகின்னு ஒரு பிள்ளை சொல்லத்தான் செய்யும், ராகித்தாளும் மாடு திங்குதே, கதிரை அறுத்து வீட்டுக்குத்தானே கொண்டு வர்றோம். இதுக்கு ரெண்டு விடையும் சரின்னு பின்னாடி ரெண்டையும் எழுத வைங்க. நான் இன்னும் ஒரு படி போய், இந்த விடுகதைக்கு எதிர்ப் பக்கத்துலயே ராகிக்கு நானா எழுதின ஒண்ணை வைப்பேன்:

காட்டுல நிக்கும் விரலை மடக்கி,
பாட்டி கிளறுவா பானையில அடக்கி,
தட்டுல உருண்டையா உக்காரும்,
மெல்லாம முழுங்கினா உள்ள போகும்.

பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டுக்கும் ஒரே விடை வரும்னு யாரும் எதிர்பாக்க மாட்டாங்க, முதல்ல களின்னு கண்டுபிடிச்ச அப்பாவே எதிர்ப் பக்கத்துல நெல்லுன்னு சொல்லி நிப்பாரு, அப்போ பிள்ளை "இன்னொண்ணும் இருக்கு"ன்னு சொல்லலாம்.

கிருஷ்ணகிரி பக்கம், ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளின்னு இருக்கிற டீச்சருங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். அங்க நெறைய பிள்ளைங்க வீட்டுல தெலுங்கு இல்லைன்னா கன்னடம்தான் பேசுது. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கிறதை வச்சு முடிச்சு போட்ட விடுகதை அந்த வீட்டுல எடுபடாது, பிள்ளை அதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லும்போது முடிச்சே காணாமப் போயிடும். கண்ணால பாக்கிறதை வச்சு எழுதினது எந்த மொழியில சொன்னாலும் நிக்கும். புளி விடுகதைக்கு ஒரு பிள்ளை "சிந்தபண்டு"ன்னு சொன்னா அதுவும் சரிதான், விடை எழுதுற எடத்துல புளின்னும் எழுதட்டும், வீட்டுல சொல்ற சொல்லையும் தமிழ் எழுத்துலயே எழுதிக்கட்டும்.

முதல் பக்கத்துல எப்பவும் லேசானதா வைங்க, முதல் விடுகதையே கடினமா இருந்தா வீட்டுல இருக்கிறவங்க "அப்புறம் பாக்கலாம் போ"ன்னு சொல்லிடுவாங்க. ஒகேனக்கல் பாத்த பிள்ளைங்க இருக்கிற எங்க பக்கத்துக்கு இது சரியா வரும்:

முன்பக்கம் இல்ல, பின்பக்கம் இல்ல,
சுத்திச் சுத்திப் போகும், சக்கரம் இல்ல,
தண்ணியில மிதக்கும், மீனும் இல்ல.

பரிசல்தான். பரிசலைப் பாக்காத ஊரா இருந்தா இதை விட்டுட்டு வேற வைங்க, படத்தைப் பாத்து மட்டும் தெரிஞ்ச பொருளை விடுகதையில வச்சா பிள்ளைக்கு அது கேள்வி பதிலா மாறிடும்.

நடுவுல ஒரு பாட்டு

விடுகதையாவே வச்சா புக்கு மூச்சு முட்டும், நடு ரெண்டு பக்கத்துல ஒரு பாட்டு வேணும். சங்கிலி மாதிரி போற கேள்விப் பாட்டுதான் இந்த வயசுக்கு நல்லா ஒத்துவருது, ஏன்னா ஒரு வரியோட பதில்ல வர்ற சொல்லுதான் அடுத்த கேள்வியோட முதல் சொல்லு, அதனால மெதுவா படிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலயும் பாதி முன்னாடியே படிச்சதா இருக்கும்.

லீவு விட்டா எங்க போற? பாட்டி ஊரு.
ஊருல என்ன இருக்கு? ஏரி.
ஏரியில என்ன இருக்கு? தண்ணி.
தண்ணியில என்ன இருக்கு? மீனு.
மீனைப் பிடிக்க யாரு வந்தா? கொக்கு.
கொக்கு எங்க? ........

கடைசிய அப்படியே விட்டுடுங்க. "பறந்து போச்சு"ன்னு நெறைய பிள்ளைங்க எழுதும், சிலது "மரத்துல"ன்னு எழுதிட்டு மரத்துல என்ன இருக்குன்னு தொடர்ந்துக்கிட்டே போகும், எடம் இருக்கிற வரைக்கும் போகட்டும். கேள்வி நாலாவது பக்கத்துலயும் பதில் அஞ்சாவது பக்கத்துலயும் நேருக்கு நேரா வர்ற மாதிரி எழுதினா ரெண்டு பிள்ளைங்க ஒரு புக்கைப் பிடிச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு பக்கமா பாடலாம்.

தாள்ல பக்கம் போடுறது

ஒரு பிள்ளைக்கு ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ், ஒரே ஒரு வெட்டு, பின் அடிக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கும், நாலு வரியும் ஒரு சின்னப் படமும் தாராளமா பிடிக்கும்.

தாளைப் படுக்கை வாட்டத்துல வச்சு, குறுக்க ஒரு மடிப்பு, நெடுக்க நாலு பங்கா மூணு மடிப்பு, மேல நாலு கீழ நாலுன்னு எட்டுக் கட்டம் வரும். கீழ் வரிசையில இடது பக்கத்துல இருந்து 8, 1, 2, 3ன்னு பென்சில்ல லேசா எண் போடுங்க. அப்புறம் தாளை அப்படியே தலைகீழா சுத்தி வைங்க, காலியா இருக்கிற வரிசை இப்போ உங்க பக்கம் வந்திருக்கும், அதுல இடது பக்கத்துல இருந்து 4, 5, 6, 7. அவ்வளவுதான், தலைகீழா எழுதணுமேன்னு குழம்ப வேண்டாம், சுத்தி வச்சு நேராவே எழுதலாம்.

நான் வைக்கிற வரிசை இது: 1 அட்டை, பிள்ளை பேரு எழுத ஒரு கோடு. 2 பரிசல். 3 புளி. 4, 5 பாட்டு. 6 காட்டுல நிக்கும் விரல். 7 அடி காட்டுல. 8 காலி, மேல "நான் போட்ட விடுகதை"ன்னு மட்டும் தலைப்பு.

கருப்பு ஜெல் பேனாவால எழுதுங்க, பென்சிலும் வெளிறின நீல மையும் ஜெராக்ஸ்ல மங்கிடும். கட்டத்தோட எல்லாப் பக்கமும் அரை செ.மீ. விட்டு எழுதணும், தாளோட ஓரத்துல கொஞ்சம் இடத்தை மெஷின் எடுக்காது, அங்க எழுதினது பாதி எழுத்தா வரும். கையெழுத்து பெருசா, ஒரு வரிக்கு மூணு நாலு சொல்லு. டைப் பண்றவங்க எழுத்து அளவு 16க்குக் கீழ போகாதீங்க, வரி ரொம்ப நீளமா இருந்தா ரெண்டா உடைங்க, எழுத்தைச் சின்னது பண்ணாதீங்க.

ஜெராக்ஸ் கடையில முதல்ல ஒரே ஒரு காப்பி எடுத்து அங்கயே மடிச்சுப் பாருங்க. கடையில மெஷின்ல லீகல் தாள் இருந்தா நீளம் கூடிப்போய் கட்டம் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிடும், இல்லைன்னா அளவைச் சுருக்கி எடுத்துடுவாங்க, மடிப்பு எழுத்து மேலயே விழும். மடிச்ச தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா மடிப்புக்கோடு எழுத்துக்கு நடுவுல போகுதான்னு உடனே தெரிஞ்சிடும். சரியா இருந்தா மட்டும் மிச்சத்தைச் சொல்லுங்க, ரெண்டு மூணு காப்பி கூடுதலா.

வெட்டு மட்டும் முதல் நாளே நீங்க வெட்டி வச்சுடுங்க. நாலு மடிப்பும் போட்டு விரிச்ச தாளை, அகலம் பாதியா குறையுற மாதிரி குறுக்க ரெண்டா மடிங்க, மடிப்பு இருக்கிற பக்கத்துல இருந்து நடுக்கோட்டு மேலயே அடுத்த மடிப்பு வரைக்கும் வெட்டுங்க, நிறுத்துங்க. விரிச்சா தாளுக்கு நடுவுல ஒரு கீறல், ரெண்டு ஓரமும் முழுசா இருக்கணும். ஓரம் கிழிஞ்சு நடு ஒட்டி இருந்தா தப்பான பக்கத்துல இருந்து வெட்டியாச்சுன்னு அர்த்தம், அந்தத் தாளை மடிக்க முடியாது. அதுக்குத்தான் கூடுதல் காப்பி.

கடைசி நாள் வகுப்புல

தாளை முதல்ல குடுக்காதீங்க. குடுத்தீங்கன்னா பாதி எழுத்து தலைகீழா இருக்கிறதைப் பாத்து எல்லாரும் தாளைச் சுத்த ஆரம்பிச்சிடுவாங்க, விடுகதை யார் காதுலயும் விழாது. முதல்ல நீங்க வாயால கேளுங்க, ரெண்டு தடவை, கைதட்டி. ஒவ்வொரு விடுகதைக்கும் விடை தெரிஞ்ச பிள்ளை கத்தக்கூடாது, காதுல வந்து சொல்லணும்னு வைங்க, இல்லைன்னா முன் பெஞ்சுல ஒருத்தர் சொன்ன உடனே மத்தவங்க யோசிக்கிறது நின்னுடும். நாலும் முடிஞ்சதும் விடைய எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும்.

இப்போ தாளைக் குடுங்க. விடை எழுதுற எடம் இதுதான்: எழுத்து இருக்கிற பக்கத்தைப் பாத்து வச்சா கீழ இடது மூலை 8ஆம் பக்கம், தாளைப் புத்தகம் மாதிரி திருப்பினா அது கீழ வலது மூலையா வரும், அந்தக் காலிக் கட்டத்துக்குள்ள நாலு விடையும் பென்சில்ல. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மெல்லிசான தாள்ல மறுபக்கம் ஊறி விடை வெளிய தெரிஞ்சிடும். மடிச்சதுக்கு அப்புறம் இந்த எடம் கடைசித் தாளோட வயித்துக்குள்ள போயிடும், எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாது, பிள்ளை மறந்துட்டா ஓரத்துல விரலை விட்டு லேசா விலக்கிப் பாத்துக்கலாம். தனியா விடைப் பக்கம் அச்சடிச்ச புக்குல வீட்டுல எல்லாரும் முதல்ல அதைத்தான் திருப்புவாங்க.

மடிக்கிறது: எழுத்து வெளிய தெரியுற மாதிரி தாளை நீளவாக்குல ரெண்டா மடிச்சு, ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு உள்பக்கமா தள்ளணும், நடுக்கீறல் வாயைத் திறக்கும், இன்னும் தள்ளினா கூட்டல் குறி மாதிரி வரும், அப்புறம் 1ஆம் பக்கம் மேல வர்ற மாதிரி சுத்தி மடிச்சா புக்கு. தள்ளுற இடத்துலதான் சின்னக் கைக்குச் சிக்கல் வரும், நடு மடிப்பு வெளிப்பக்கமா போகாம உள்ளயே கவுந்துக்கும். பக்கத்துப் பிள்ளை கீறல்ல ஒரு விரலை விட்டு விரிச்சுப் பிடிச்சா சரியாயிடும், அதனால ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைங்க. மடிப்பை நகத்தால அழுத்தச் சொல்லுங்க.

மீதி நேரம் பூரா 8ஆம் பக்கத்துக்கு. அங்கயே முழு விடுகதை எழுத வைக்க வேண்டாம், அவசரத்துல "நான் யார்?"னு முடியுறதுதான் வரும். என்ன பொருளுன்னு மட்டும் முடிவு பண்ணி, அதை வேற எதுவா காட்டப்போறோம்னு ஒரே ஒரு வரி எழுதினா போதும். லீவுல பாட்டிகிட்டயோ தாத்தாகிட்டயோ கேட்டு மிச்சத்தை முடிக்கட்டும், அவங்களுக்குத் தெரிஞ்ச பழைய விடுகதை ஒண்ணு வந்தாலும் சரி. திறக்குற அன்னிக்குப் புக்கைக் கொண்டு வரச் சொல்லி, வந்த 8ஆம் பக்கங்களை வகுப்புல கேட்டுப் பாத்து, ரெண்டாவது விடை வராத நாலை எடுத்து எழுதின பிள்ளை பேரோட அடுத்த பருவத்துப் புக்குல 2, 3, 6, 7ல போட்டுடலாம்.